அம்மாவின் மைல் புள்ளிகள்: எதை முதலில் செய்வது?

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். தம்பியைப் பார்க்க லண்டன் சென்ற அம்மா மே மாதம் திரும்பினார். சீட்டு எடுக்கும்போதே பயண முகவரிடம் விமான நிறுவனத்தின் மைல் திட்ட உறுப்பினர் எண்ணைக் கொடுத்திருந்தும், அது பதிவில் சேர்க்கப்படவில்லை என்பதை, போர்டிங் பாஸில் அந்த எண் அச்சாகாததைக் கண்ட பின்னரே அறிந்தோம்.

போர்டிங் பாஸ்களையும் 13 இலக்கச் சீட்டு எண்ணையும் வைத்து விடுபட்ட மைல்களைக் கோரினேன். பெயர் பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டிலும் சீட்டிலும் தாத்தாவின் பெயர் முழுமையாக இருக்க, கணக்கை நான் வெறும் முதலெழுத்துடன் திறந்திருந்தேன். நம்மவர் பலருக்கும் இந்தச் சிக்கல் வரக்கூடும். கோருவதற்கு ஆறு மாத அவகாசமே உள்ளதால், பெயர்த் திருத்தம் முடியும்வரை காத்திருக்கலாமா, அல்லது கடவுச்சீட்டுப் பிரதியுடன் இரண்டையும் ஒன்றாக அனுப்பலாமா?

இன்னொன்று: அப்பாவின் மைல்கள் டிசம்பர் இறுதியில் காலாவதியாகின்றன. இத்திட்டத்தின் குடும்பக் கணக்கு, சேர்ந்த பிறகு ஈட்டுபவற்றை மட்டுமே ஏற்கிறது என்பதால் பழையவற்றை அதற்கு மாற்ற இயலாது. ஆகவே அவற்றைக் கொண்டு, அடுத்த மார்ச்சில் பறக்க வேண்டிய சீட்டை அம்மாவின் பெயரில் இப்போதே எடுத்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன். அப்படி எடுத்தவர்கள், பின்னர் திகதியை மாற்ற நேர்ந்தபோது காலாவதியான மைல்கள் என்னவாயின என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.