கை ஸ்கொயர் சராசரி 4 வரணும், 3.2 வருது. அவசரம்

கடைசிபெஞ்ச்: நார்மல் டேட்டா சிமுலேட் பண்ணி (n−1)s²/σ² போட்டா கை ஸ்கொயர் வரணும்தானே? ஹிஸ்டோகிராம் இடது பக்கம் ஒடுங்கிக் கிடக்கு. சராசரி 3.2. நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணும்.

மழைக்குருவி: n எவ்வளவு? σ எவ்வளவு? கோடு எங்க?

ஆயிரம்தடவை: ரன் பத்தாது. பத்து லட்சம் ஓட்டிப் பாருங்க.

பழையபேராசிரியர்: காக்ரன் தேற்றம் படிக்காமல் நேரே கணினியில் உட்கார்ந்தால் இப்படித்தான். n தெரியாமல் 3.2 சரியா தப்பா என்று யார் சொல்வது?

கடைசிபெஞ்ச்: சாரி. n = 5.

```python
x = np.random.normal(50, 10, (100000, 5))
q = 4 * x.var(axis=1) / 100
print(q.mean(), q.var())
```

ரெண்டாவது எண் 5.1 வருது.

தென்றல்77: உண்மையான சராசரி 50னு தெரியும்ல? அப்போ டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 5. நீங்க 4னு எடுத்ததுதான் தப்பு.

மழைக்குருவி: 50-ஐக் கழிச்சிருந்தா நீங்க சொல்றது சரி. `var` அந்தந்த அஞ்சு எண்ணோட சொந்த சராசரியைத்தான் கழிக்குது, அதனால 4தான். சிக்கல் வேற: numpy-யோட `var` தானா n-ஆல வகுக்கும். நீங்க அதை 4-ஆல பெருக்கியிருக்கீங்க. ஆக எல்லா மதிப்பும் 4/5 மடங்கா சுருங்கிடுச்சு. 4 × 0.8 = 3.2. கை ஸ்கொயரோட வேரியன்ஸ் 8, அது 0.64 மடங்காகி 5.12. உங்க ரெண்டு எண்ணும் அப்படியே பொருந்துது. `ddof=1` கொடுங்க. R-ல `var` முதல்லயே n−1-ஆலதான் வகுக்கும், புத்தகம் அதைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

ஆயிரம்தடவை: ரன் கூட்டினா 3.2-ஐ இன்னும் துல்லியமா காட்டியிருக்கும் போல 😄

பல்புக்கடை: இதே சூத்திரத்தை வச்சு பல்பு ஆயுளோட வேரியன்ஸுக்கு இடைவெளி போடுறேன். டேட்டா எக்ஸ்பொனென்ஷியல் மாதிரி இருக்கு. n பெருசுன்னா மைய எல்லைத் தேற்றம் பார்த்துக்கும்ல?

பழையபேராசிரியர்: பார்த்துக்கொள்ளும். n முப்பதைத் தாண்டினால் கவலை வேண்டாம்.

மழைக்குருவி: சராசரிக்கு சரி சார், வேரியன்ஸுக்கு இல்ல. எக்ஸ்பொனென்ஷியல்ல n = 5-க்கு இதே கணியத்தோட சராசரி அப்பவும் 4தான் வரும், ஆனா அதன் வேரியன்ஸ் 8-க்குப் பதிலா 27.2. n-ஐக் கூட்டக் கூட்ட இந்த விகிதம் 1-க்கு வராது, 4-ஐ நோக்கிப் போகும். s² நார்மல் வடிவத்துக்கு வரும், ஆனா அகலம் தப்பாவே இருக்கும். உங்க 95% இடைவெளி பேருக்குத்தான் 95%.

பழையபேராசிரியர்: அகலத்தைத் திருத்தினால் போதுமே. தேற்றத்தின் மேல் பழி எதற்கு?

மழைக்குருவி: தேற்றத்தை யார் சொன்னா? முப்பதுங்கிற விதியைச் சொல்றேன்.

கடைசிபெஞ்ச்: ddof=1 போட்டேன். 4.0, 8.0. நன்றி 🙏

பல்புக்கடை: அப்போ பூட்ஸ்ட்ராப் போடலாமா? n 12தான் இருக்கு.

மழைக்குருவி: 12-க்கு அதுவும் குறுகலா வரும். லாக் எடுத்துப் பார்த்தீங்களா?

பழையபேராசிரியர்: லாக் எடுத்தால் அது வேறு அளவின் வேரியன்ஸ். அவர் கேட்டது அதுவல்ல.