வாடகையைக் குறைக்கச் சொல்லி ஹவுஸ் ஓனருக்கு லெட்டர் குடுத்தவங்க இருந்தா சொல்லுங்க

குரோம்பேட்டைக்காரி:
போன வருஷம் மே மாசம் எங்க அவருக்கு வேலை போச்சு. வாடகை 14,000, என் சம்பளத்துல 9,000 தான் முடியும்னு தெரிஞ்சதும் ஓனருக்கு கையால ஒரு லெட்டர் எழுதினேன். "மூணு மாசத்துக்கு மட்டும் 9,000 வாங்கிக்கோங்க சார், கொஞ்சம் கஷ்டத்துல இருக்கோம்"னு. மாடிக்குப் போயி குடுத்தேன், படிச்சிட்டு "சரிம்மா, பாத்துக்கலாம்"னார். ஜூன் ஜூலை ஆகஸ்ட் 9,000, செப்டம்பர்லேர்ந்து பழையபடி 14,000 குடுத்துட்டேன். இந்த பிப்ரவரில காலி பண்ணும்போது அட்வான்ஸ் ஒரு லட்சத்துல பெயிண்டிங்க்கு ஒரு மாச வாடகை பிடிச்சாரு, அது எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். அப்புறம் டைரிக்குள்ளேர்ந்து என் லெட்டர எடுத்தாரு, ஓரத்துல பென்சில்ல 5,000, அதுக்குக் கீழ இன்னொரு 5,000, அதுக்குக் கீழ இன்னொண்ணு, கோடு போட்டு 15,000. மாசாமாசம் எழுதிருக்காரு, ஒவ்வொரு தடவையும் பென்சில் வேற மாதிரி. கைக்கு வந்தது 71,000. அவர் ஏமாத்தினார்னு சொல்ல மனசு வரல, அந்தப் பென்சில் எழுத்துதான் கண்ணுலயே நிக்குது.

ரெண்டாவது மாடி:
சிஸ் நீங்க விட்டிருக்கவே கூடாது. கொரோனா டைம்ல கவர்மெண்டே வாடகை தள்ளுபடின்னு ஆர்டர் போட்டுச்சு, நான் அதக் காட்டித்தான் ஒரு மாசம் குடுக்கல. அதுவுமில்லாம தமிழ்நாட்டு புது வாடகைச் சட்டத்துல அட்வான்ஸே மூணு மாசம்தான், உங்க கிட்ட ஏழு மாசம் வாங்கிருக்காரு, அதக் கேளுங்க முதல்ல.

கணக்குப்பிள்ளை:
மேல சொன்னது பாதிதான் சரி ப்ரோ. 2020 மார்ச் 29 ஆர்டர் தொழிலாளிங்க கிட்ட ஒரு மாசம் வாடகை கேட்டு நெருக்காதீங்கன்னுதான் சொல்லிச்சு, தள்ளுபடின்னு எங்கயும் சொல்லல. மூணு மாச அட்வான்ஸும் வேற மாதிரி பேசிக்கிட்டா தவிரன்னுதான் இருக்கு, நீங்க ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருந்தா அதுவே ஒப்பந்தம். சிஸ்டருக்கு நடந்ததும் இதே குழப்பம்தான். "9,000 வாங்கிக்கோங்க"ன்னா இப்போதைக்கு வாங்கிக்கோங்கன்னும் படிக்கலாம், மிச்சத்த விட்டுடுங்கன்னும் படிக்கலாம். ஓனர் முதல் மாதிரி படிச்சிட்டாரு.

நான் 18 வருஷமா வாடகை வீடு பாத்துக் குடுக்கறேன், ஓனருங்க பயம் எனக்குத் தெரியும். 5,000 போறதவிட, இதுவே புது வாடகையா நின்னுடுமோ, பதினோரு மாசம் முடிஞ்சு அக்ரிமெண்ட் மாத்தும்போது 9,000 மேலதான் ஏத்த முடியுமோங்கறதுதான் பயம். அதனால லெட்டர்ல இத எழுதிடணும்: "ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும் 9,000. செப்டம்பர் முதல் 14,000, ஒப்பந்த வாடகை மாறவில்லை. குறைத்த 5,000-ஐ பின்னால் தர வேண்டியதில்லை." கடைசி வரி எழுத வாய் வராது, ஆனா அது இல்லாம லெட்டரே இல்ல. ரெண்டு காப்பி எடுத்து கீழ "சம்மதம்"னு தேதியோட கையெழுத்து வாங்கணும். நேர்ல கேக்க கூச்சமா இருந்தா வாட்ஸ்அப்ல அதே வரிய அனுப்பி "ஓகே"ன்னு பதில் வாங்கினாலும் போதும், "பாத்துக்கலாம்"ங்கறது பதில் இல்ல. பணம் அனுப்பும்போது "ஜூன் வாடகை முழுசும்"னு குறிப்பு போடுங்க. ஓனர் விட்டுக்குடுக்க மாட்டேன்னா அந்த 15,000-த்த அட்வான்ஸ்ல கழிச்சிக்கச் சொல்லலாம், ஆனா அது குறைப்பு இல்ல, கடன்னு தெரிஞ்சே கேளுங்க.

மதுரை மல்லி:
என் தம்பி ஹாஸ்டல்ல இருந்தான், லீவுல ஊருக்கு வந்தப்பவும் முழு காசும் வாங்கினாங்க, சாப்பாட்டுக்குக் கூட கழிக்கல. அதுக்கும் இந்த மாதிரி லெட்டர் குடுக்கலாமா?

மாடிவீட்டு அம்மா:
நான் ஓனர் பக்கம். எனக்கு பென்ஷன் இல்ல, கீழ் வீட்டு வாடகைதான் மாத்திரைக்கும் கரண்டுக்கும். எங்க வீட்ல இருந்த பையன் இப்படி லெட்டர் குடுத்தான், எத்தன மாசம்னு எழுதல, நானும் கேக்கல. ஒன்பது மாசம் குறைச்சே குடுத்தான். நடுவுல ஒரு நாள் புது வண்டி வாசல்ல நின்னுச்சு, அது ஆபீஸ் வண்டியா சொந்தமான்னு கேக்க எனக்கு நாக்கு எழும்பல, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. மாசம் எழுதச் சொன்னது ரொம்ப சரி தம்பி. ஆனா குரோம்பேட்டை பொண்ணே, மாசாமாசம் எழுதி வச்சவரு ஒரு தடவையாவது உன்கிட்ட வாயத் தொறந்து சொல்லிருக்கணும். அது தப்புதான்.

குரோம்பேட்டைக்காரி:
இல்லம்மா சொல்லல. ஆகஸ்ட்ல "அவருக்கு வேலை கெடச்சுதா"ன்னு மட்டும் கேட்டாரு, நான் அக்கறைல கேக்கறார்னு நெனச்சேன். கணக்குப்பிள்ளை சார், இப்ப அவருக்கு எழுதி பாதியாவது கேக்கலாமா? லெட்டர் அவர்கிட்டதான் இருக்கு, என்கிட்ட காப்பி இல்ல.

கணக்குப்பிள்ளை:
கேட்டுப் பாருங்கம்மா, ஆனா கணக்கு பாத்து 71,000 வாங்கினப்ப ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா?

குரோம்பேட்டைக்காரி:
போட்டேன்.