படுத்தே இருந்தாதான் கரு நிக்குமா?

அக்காஸ், செம்பூர்ல இருக்கேன், குழந்தைக்கு ட்ரை பண்றோம். ஊர்ல இருந்து வந்த மாமியார், சேர்ந்ததுக்கப்புறம் இடுப்புக்குக் கீழ தலகாணி வச்சு அரை மணி நேரம் அசையாம படுக்கணும், பப்பாளி, எள்ளு எல்லாம் சூடு, தொடவே கூடாதுங்கறாங்க. எந்த பொசிஷன்னு நாத்தனார் வேற தனியா கிளாஸ் எடுக்குறா (கஷ்டம்டா சாமி).

டாக்டர்கிட்ட கேட்டேன், விந்தணு சில நிமிஷத்துலயே உள்ள ஏறிடும், எழுந்ததும் வெளிய வர்றது மிச்ச திரவம்தான், பொசிஷனுக்கும் பழுத்த பப்பாளிக்கும் இதுல வேலையே இல்லன்னாங்க. நாள் கணக்குதான் முக்கியமாம். அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னாடி முட்டை வெளிய வரும், விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், முட்டைக்கு ஒரு நாள்தான். அப்போ 32 நாள் சைக்கிள்னா 18வது நாள் வாக்குல முட்டை, 13லேர்ந்து 18 வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தா போதும். எல்லாரும் சொல்ற 14வது நாளோட நிறுத்திட்டா மிஸ் ஆக சான்ஸ் அதிகம்.

என் பிரச்சினை, சைக்கிள் சில மாசம் 35க்கு இழுக்குது. ஓவுலேஷன் ஸ்ட்ரிப் யூஸ் பண்ணவங்க, எந்த நாள்லேர்ந்து டெஸ்ட் ஆரம்பிச்சீங்க? ரெண்டாவது கோடு லேசா வந்தா கணக்குல எடுக்கலாமா? மாமியார்கிட்ட எப்படி சொல்றதுன்னும் சொல்லுங்கப்பா ப்ளீஸ்.