வாடகை ஒப்பந்தத்தை எளிமையாக எழுத உதவி தேவை

நண்பர்களே, வாடகைக்குப் போகும் என் சித்திக்காக 11 மாத ஒப்பந்தத்தை எளிய தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு ஷரத்தில் சிக்கிக்கொண்டேன்.

மூலத்தில் இருப்பது: "முதல் ஆறு மாத காலத்திற்குள் வாடகைதாரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாகாது, அதன்பின் இரு தரப்பினரில் எவரும் இரண்டு மாத எழுத்துமூல அறிவிப்பு கொடுத்தோ, அதற்கீடான வாடகையைச் செலுத்தியோ முடித்துக்கொள்ளலாம்."

நான் எழுதியது: "முதல் ஆறு மாதம் நீங்கள் காலி செய்ய முடியாது. அதன்பிறகு நீங்களோ வீட்டுக்காரரோ இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாத வாடகை தர வேண்டும்."

படிக்கச் சுலபம்தான். ஆனால் ஐந்தாம் மாதமே நோட்டீஸ் கொடுத்து ஏழாம் மாத முடிவில் காலி செய்யலாமா, அல்லது ஆறு மாதம் முடிந்தபிறகுதான் நோட்டீஸே கொடுக்க முடியுமா? மூலம் இரண்டுக்கும் இடம் தருகிறது; இரண்டாவது என்றால் அறிவிப்போடு எட்டு மாதம் ஆகிவிடும். முதல் ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாமா என்பதும் அதில் இல்லை, அதை நானாகச் சேர்க்கக் கூடாது.

இப்படிப்பட்ட இடத்தை எளிய வடிவத்தில் எப்படி எழுதுவீர்கள்? குழப்பத்தை அப்படியே விட்டுக் குறிப்பு போடுவதா, இல்லை கையெழுத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டு மூலத்தையே திருத்தச் சொல்வதா? பத்திரம் எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.