திருத்தப் போன சிஎஸ்வி கோப்பு எண்களை இழந்து திரும்பியது: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

மழைக்குருவி

எங்கள் தரவுத்தளத்திலிருந்து உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து, பெயர்களில் உள்ள எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தரச் சொல்லி இன்னொரு பிரிவுக்கு அனுப்பியிருந்தோம். பெயர்கள் அழகாகத் திருந்தி வந்தன. எண்கள்தான் போய்விட்டன. அனுப்பியபோது ஒரு வரி:

```
0047,999415037264,738201946205817364
```

திரும்பியபோது அதே வரி:

```
47,9.99415E+11,7.38202E+17
```

முதலாவது கிளைக் குறியீடு, அடுத்தது நாட்டுக் குறியீட்டோடு கூடிய கைப்பேசி எண், கடைசியானது பரிவர்த்தனை எண். (இங்கே போட்டிருப்பவை நானே இட்டுக்கட்டியவை.) திருத்தியவர் எண் இருந்த நெடுவரிசைகளைத் தொடவே இல்லை என்கிறார். அவரை நம்புகிறேன். மீண்டும் ஏற்றும்போது, ஒரே எண் பலருக்கு இருக்கிறது என்று தரவுத்தளம் மறுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. இதே தொல்லையைக் கண்டவர்கள் சொல்லுங்கள். எதை மீட்கலாம், எதை மறந்துவிட வேண்டும்?

வெண்தாள்

இதற்கா இவ்வளவு கவலை? நெடுவரிசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலப்படுத்துங்கள், எண் முழுதாகத் தெரியும். எனக்குப் பலமுறை அப்படித்தான் சரியானது.

நிரல்வழி

வெண்தாள் சொல்வது 11 இலக்கம் வரை உள்ள எண்களுக்குச் சரி. இடம் போதாமல் எக்செல் சுருக்கிக் காட்டியிருந்தால் அகலப்படுத்தியதும் விரிந்துவிடும். 12 இலக்கத்திலிருந்து எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. General வடிவத்தில் இருக்கும் கலம் அவற்றை E+11 என்றுதான் காட்டும்.

மழைக்குருவியின் அந்த ஒரு வரியில் மூன்று வேறு வேறு இழப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை மீட்கலாம் என்று தெரியும்.

சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. இது எண், இது குறியீடு என்று சொல்ல அதில் இடமே இல்லை. ஆகவே திறக்கும் நிரல் ஊகிக்கிறது. இலக்கங்களாக மட்டும் இருந்தால் எண் என்று முடிவுகட்டுகிறது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்பதால் 0047 திறந்த கணத்திலேயே 47 ஆகிவிட்டது.

கைப்பேசி எண்ணின் கதை வேறு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை வைத்துக்கொள்ளும். அதனால் திறந்தபோது அந்த 12 இலக்கமும் உள்ளே பத்திரமாக இருந்தன, வெளித்தோற்றம் மட்டுமே 9.99415E+11. அப்போது கலத்தின் வடிவத்தை 0 என்று மாற்றியிருந்தால் முழு எண்ணும் வந்திருக்கும். சேமித்தபோதுதான் அது அழிந்தது. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே இருக்கும் மதிப்பை எழுதாது, கலத்தில் காட்டும் வடிவத்தையே எழுதும். இப்போது உங்கள் கோப்பைத் திறந்தால் 999415000000 கிடைக்கும். அந்த முதல் ஆறு இலக்கம் பொதுவாக உள்ள எல்லோரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவார்கள். தரவுத்தளம் மறுத்ததன் காரணமும் இதுவே.

பரிவர்த்தனை எண் இரண்டு முறை அடிபட்டது. 18 இலக்கத்தில் கடைசி மூன்றும் திறக்கும்போதே சுழியமாகி 738201946205817000 ஆனது. சேமித்தபோது மிச்சமும் போய், இப்போது 738202000000000000. சேமிக்காமல் மூடியிருந்தால் மூலக் கோப்பு அப்படியே இருந்திருக்கும்.

மழைக்குருவி

திருத்தியவர் பிறகு அந்த நெடுவரிசையை Text என்று மாற்றிப் பார்த்திருக்கிறார். அப்போதும் E+11 போகவில்லையாம். இப்போது காரணம் புரிகிறது.

நிரல்வழி

ஆமாம், எண்ணாக மாறிய பிறகு Text என்று சொல்வது காலம் கடந்த வேலை. வேண்டிய வடிவம் 0. சேமிப்பதற்கு முன்.

கணக்குப்பிள்ளை

அனுப்பும் பக்கத்தில்தான் குறை. ஒவ்வொரு எண்ணையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு அனுப்புங்கள். மேற்கோளுக்குள் இருந்தால் எழுத்து என்றுதான் பொருள். நாங்கள் எப்போதும் அப்படித்தான் அனுப்புகிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

தேன்சிட்டு

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கோப்பைப் பெறுபவர்கள் எக்செலில் திறப்பதில்லை போலிருக்கிறது. மதிப்புக்குள் காற்புள்ளியோ வரி முறிவோ வந்தால் குழப்பம் வராமல் காக்கத்தான் சிஎஸ்வியில் மேற்கோள். எக்செல் அதை உரித்துவிட்டு, உள்ளே இருப்பதை வழக்கம்போல் எண்ணாக்கிவிடும். "0047" என்று அனுப்பினாலும் 47தான். லிப்ரே ஆபீசில் நீங்கள் சொல்வது நடக்கும். அது சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒரு சாளரம் காட்டும், அதில் மேற்கோளுக்குள் உள்ளதை எழுத்தாக எடுத்துக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறது.

முன்னால் ஒற்றை மேற்கோள் போடலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அது கையால் தட்டும்போது மட்டுமே வேலை செய்யும். கோப்பிலிருந்து வந்தால் அந்தக் குறியும் மதிப்பின் பகுதியாகவே கலத்தில் நிற்கும்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் `="0047"` என்று எழுதி அனுப்பலாம். இது எக்செலில் சுழியத்தோடு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

தேன்சிட்டு

வரும், மறுக்கவில்லை. மனிதர் பார்ப்பதற்கு மட்டுமான கோப்பென்றால் செய்யலாம். ஆனால் அதே கோப்பை வேறொரு நிரல் படித்தால் சமக்குறி, மேற்கோள் எல்லாவற்றையும் சேர்த்துக் கிளைக் குறியீடு என்று ஏற்றிக்கொள்ளும். ஒரு நிரலின் பழக்கத்துக்காகத் தரவையே கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆய்வுமேசை

எங்கள் துறையில் இது பழைய புண். முழுக்க இலக்கமாக இல்லாத அடையாளங்களும் சிக்கும். நடுவில் ஓர் E இருந்தால் போதும். மரபணு ஆய்வில் புழங்கும் ரிக்கன் அடையாள எண்களில் 2310009E13 என்று ஒன்று உண்டு. எக்செல் அதை 23 லட்சத்துச் சொச்சத்தோடு பத்தின் 13ஆம் அடுக்கைப் பெருக்குவதாக எடுத்துக்கொண்டு 2.31E+19 என்று காட்டுகிறது. இதைப் பற்றி 2004இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறும் தொல்லையும் எங்களுக்கு உண்டு. SEPT1 என்றிருந்ததை 2020 வாக்கில் SEPTIN1 என்று பெயர்க்குழுவே மாற்றிக்கொண்டது. மென்பொருள் மாறுவதற்குள் விஞ்ஞானம் மாறிவிட்டது.

உங்கள் எண்களில் எழுத்தும் கலந்திருந்தால், E உள்ள வரிகளை மட்டும் தனியே பாருங்கள். ஆயிரம் வரி நன்றாக இருந்து ஏழெட்டு வரி மட்டும் கெட்டிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

வெண்தாள்

சரி, இழுத்தால் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். சேதமில்லாமல் திறப்பது எப்படி? இரட்டைச் சொடுக்கு எனக்குப் பழகிவிட்டது.

நிரல்வழி

இரட்டைச் சொடுக்கு வேண்டாம். வெறும் எக்செலைத் திறந்து, Data பட்டியலில் From Text/CSV வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டச் சாளரத்தில் Data Type Detection என்று இருக்கும். அதை Do not detect data types என்று மாற்றிவிட்டு ஏற்றினால் எல்லாம் எழுத்தாகவே வரும்.

அதில் ஒரு பொறி உண்டு. இப்படிச் செய்யும்போது தலைப்பு வரியும் தரவோடு கலந்து நிற்கலாம். அதைச் சரிசெய்ய Use First Row as Headers அழுத்தினால், Changed Type என்ற படி பல நேரம் தானாகச் சேர்ந்து, விட்ட வேலையை முடித்துவிடும். வலப்பக்கப் பட்டியலில் அந்தப் படியைப் பார்த்தால் நீக்கிவிடுங்கள்.

மைக்ரோசாப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு 2023இலிருந்து இன்னொரு வழியும் இருக்கிறது. File, Options, Data என்று போனால் Automatic Data Conversion என்ற பகுதி வரும். முன் சுழியத்தை நீக்குவது, நீண்ட எண்ணை 15 இலக்கத்தோடு நிறுத்துவது, E உள்ளதை அடுக்கு எண்ணாக்குவது ஆகிய மூன்றையும் தனித்தனியே அணைக்கலாம். ஆய்வுமேசைக்கும் இது உதவும். ஆனால் இந்த அமைப்பு உங்கள் கணினியில்தான் இருக்கும், கோப்போடு பயணம் செய்யாது. நீங்கள் அணைத்து வைத்தாலும், அனுப்பிய இடத்தில் இருப்பவர் இரட்டைச் சொடுக்கினால் பழைய கதைதான்.

பதிவேடு

எழுத்தாகத் திறந்த பிறகும் ஓரிடத்தில் கவனம் தேவை. 18 இலக்க எண்களில் இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்க்க COUNTIF போட்டேன். வேறு வேறு எண்களை எல்லாம் ஒன்றே என்று சொன்னது. கலத்தில் எழுத்தாக இருந்தாலும் COUNTIF ஒப்பிடும்போது எண்ணாக்கிப் பார்க்கிறது. முதல் 15 இலக்கம் ஒன்றானால் அதற்கு இரண்டும் ஒன்றே. நீளம் எல்லாம் சமமாக இருந்ததால் இப்படி எழுதித் தப்பித்தேன்:

```
=COUNTIF(A:A,A2&"*")
```

நட்சத்திரம் சேர்ந்ததும் எழுத்து ஒப்பீடாகிவிடுகிறது.

தேன்சிட்டு

பழி முழுவதையும் எக்செலின் தலையில் போடாதீர்கள். பாண்டாஸ் என்ற பைத்தான் நிரலகம் வழியாகச் சென்ற கோப்பிலும் இதைக் கண்டேன். எண் நெடுவரிசையில் ஒரே ஒரு கலம் காலியாக இருந்தாலும் அது முழுவதையும் தசம எண்ணாக்கிவிடுகிறது. திரும்ப எழுதும்போது 999415037264.0 என்று வால் முளைக்கும், 18 இலக்கமானால் e+17தான். முன் சுழியம் காலியிடம் இல்லாவிட்டாலும் போகும். படிக்கும்போதே இப்படிச் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை:

```python
df = pd.read_csv("list.csv", dtype=str)
```

மழைக்குருவி

இன்றைய நிலவரம். கிளைக் குறியீடு எங்களிடம் எப்போதும் நான்கு இலக்கம் என்பதால் `=TEXT(A2,"0000")` போட்டு மீட்டுவிட்டோம். மற்ற இரண்டையும் கெட்ட கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. நல்லவேளையாக உறுப்பினருக்கென்று குட்டி வரிசை எண் ஒன்று தனியாக இருந்தது. அதை வைத்துத் திருந்திய பெயர்களை மட்டும் எடுத்து, மூலக் கோப்பின் எண்களோடு இணைத்துவிட்டோம்.

கணக்குப்பிள்ளை

இனி எக்செல் கோப்பாகவே, நெடுவரிசைக்கு Text வடிவம் கொடுத்து அனுப்புங்கள். சிஎஸ்வியே வேண்டாம்.

தேன்சிட்டு

திரும்பி வரும்போது அதை ஏற்றுகிற நிரல் சிஎஸ்வியைத்தானே கேட்கும்? என்னைக் கேட்டால் எண்களை வெளியே அனுப்பவே வேண்டாம். வரிசை எண்ணும் பெயரும் மட்டும் போகட்டும்.

ஆய்வுமேசை

அந்த வரிசை எண்ணும் சுழியத்தில் தொடங்கினால்?

பதிவேடு

எங்களிடம் அப்படித்தான், அதிலும் நீளம் சீரில்லை. 047, 0047 இரண்டுமே வேறு வேறு ஆட்கள். 47 என்று வந்தால் யாருடையது என்று சொல்ல எந்தச் சூத்திரமும் கிடைக்கவில்லை. வேறு யாராவது இதைத் தீர்த்திருந்தால் எழுதுங்கள். இப்போதைக்கு, வரும் கோப்பை நோட்பேடில் திறந்து `E+` என்று தேடுகிறேன், பிறகு அனுப்பிய கோப்பையும் வந்த கோப்பையும் பக்கத்தில் வைத்துச் சில வரிகளின் நீளத்தை ஒப்பிடுகிறேன். நீளம் குறைந்திருந்தால் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.