புதுப்பிப்பு: வெந்நீர் வால்வு 0%, ஆனாலும் காற்று சூடாகிறது

அன்று நான் கேட்டது: “கட்டடத்துக்குக் காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் ஏஹெச்யூவில் குளிர்நீர் வால்வு 60% திறந்தே கிடக்கிறது. சூடும் குளிரும் சேர்ந்து ஓடினால் பிடிக்கும் அலாரம் விதி ஏன் கத்தவில்லை?”

விதி வால்வுக்குப் போகும் கட்டளையை மட்டும் பார்த்ததுதான் காரணம். வெந்நீர்க் கட்டளை 0%. ஆனால் ட்ரெண்ட் பதிவில், வெளிக்காற்றும் திரும்பி வரும் காற்றும் சேர்ந்த கலவைக் காற்று 18 டிகிரி, வெந்நீர்க் காயிலைத் தாண்டியதும் 22.

“சென்சார் கோளாறு” என்றார் ஒருவர். பாதி சரி. வெந்நீர்க் குழாயில் கையால் மூடும் வால்வை அடைத்தேன். இருபது நிமிடத்தில் வித்தியாசம் அரை டிகிரிக்கு இறங்கியது. அந்த அரை டிகிரிதான் சென்சார் பிழை. மீதி வால்வுக் கசிவு.

இப்போது விதி: கட்டளை 0% ஆகி அரை மணி கழித்தும் வெந்நீர்க் காயிலைத் தாண்டும் காற்று 2 டிகிரிக்கு மேல் ஏறினால் அலாரம்.

மருந்து ஆலை நண்பரே, உங்களுடையது ஈரப்பதத்துக்காக வேண்டுமென்றே சூடாக்குவது. அங்கே கட்டளை 0% ஆகாததால் இந்த விதி பேசாது. அதற்கு வழி இன்னும் தெரியவில்லை.