தவணை அட்டவணையில் கடைசி மாதம் பாக்கி பூஜ்யம் ஆகவில்லை. உதவுங்கள்

தவணைக்காரன்: அவசரம். கடன் 1,00,000, வட்டி 12%. எக்செல்லில் போட்டால் கடைசித் தவணை கட்டிய பிறகும் 363 சொச்சம் பாக்கி நிற்கிறது. எங்கே தப்பு?

மணி72: எத்தனை மாதம்? தவணை எவ்வளவு? மாத வட்டி எப்படி எடுத்தீர்கள்?

தவணைக்காரன்: 12 மாதம். ஒப்பந்தத்தில் தவணை 8,856.21. மாதம் 1% போட்டேன்.

பழையகணக்கர்: இது பள்ளிக்கூடக் கணக்கு தம்பி. 12ஐ 12ஆல் வகுத்தால் 1%. அதற்குத் தவணை 8,884.88. கடன் கொடுத்தவர் தப்பாகப் போட்டிருக்கிறார், போய்க் கேளுங்கள்.

செல்வி: கொஞ்சம் பொறுங்கள். ஒப்பந்தத்தில் முதல் மாத வட்டி எவ்வளவு?

தவணைக்காரன்: 948.88. எனக்கு 1,000 வருகிறது. மேலே "எஃபெக்டிவ் வருட வட்டி" என்று இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன்.

செல்வி: அதுதான் விஷயம். மாதம் 1% போட்டு எதுவும் கட்டாமல் விட்டால் 100 என்பது வருடக் கடைசியில் 112.68 ஆகும். எஃபெக்டிவ் 12% என்றால் சரியாக 112தான் ஆக வேண்டும். ஆகவே வகுக்கக் கூடாது, 12ஆவது மூலம் எடுக்க வேண்டும்:

```
=(1+12%)^(1/12)-1
```

0.948879% வரும். முதல் மாதம் வட்டி 948.88, அசலில் 7,907.33 கழியும், பாக்கி 92,092.67.

ராகவி: என் கார்டில் மாதம் 3% என்கிறார்கள். அப்படியானால் வருடத்துக்கு 36%தானே?

மணி72: அது எதிர்த்திசை. கட்டாமல் விட்டால் 42.58% ஆகும். தனி இழை போடுங்களேன்.

தவணைக்காரன்: எனக்கு −0.9067 வருகிறது! `=1.12^1/12-1` என்று போட்டேன்.

செல்வி: 1/12க்கு அடைப்புக்குறி இல்லை. எக்செல் முதலில் அடுக்கைப் போட்டுவிட்டு அப்புறம்தான் 12ஆல் வகுக்கும். இன்னொன்று, விகிதத்தை 0.95% என்று சுருக்காதீர்கள். அதற்கே கடைசியில் 8 போலப் பாக்கி நிற்கும்.

மணி72: `NOMINAL(12%,12)` போட்டாலும் போதுமே.

செல்வி: அது 11.3866% என்று வருட விகிதத்தைத்தான் தரும். அதை மட்டும் 12ஆல் வகுக்கலாம்.

பழையகணக்கர்: எஃபெக்டிவ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். ஆனாலும் 31 நாள் மாதத்துக்கும் 28 நாள் மாதத்துக்கும் ஒரே வட்டியா? நாள் கணக்கில் எடுப்பதே நியாயம்.

செல்வி: ஒப்பந்தம் நாள் கணக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி. 31 நாளுக்கு 967 போல வரும். இங்கே 948.88 இருப்பதால் சம மாதம்தான்.

பழையகணக்கர்: ஒரு வரியை வைத்து முடிவு கட்ட முடியாது. இரண்டாம் மாத வட்டியையும் பார்க்க வேண்டும்.

மணி72: சம மாதமானால் அது 873.85 இருக்கும். தவணைக்காரன், பார்த்துச் சொல்லுங்கள்.

தவணைக்காரன்: அடைப்புக்குறி போட்டதும் பாக்கி −0.04. நன்றி, கிளம்புகிறேன்.

பழையகணக்கர்: இரண்டாம் மாதம்?